புதிய சப்ளையரிடம் மஞ்சள் தூள் வாங்கும் முன்: சான்றிதழ் கேட்பது, படிப்பது, சரிபார்ப்பது

நாங்கள் சாம்பார் பொடியும் ரசப்பொடியும் தயாரிக்கும் சிறிய கூடம் நடத்துகிறோம். ஒரு கோடையில் பழைய சப்ளையரிடம் மஞ்சள் தூள் தட்டுப்பாடானது. புதியவர் ஒருவர் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்லி, ஆய்வக அறிக்கை ஒன்றையும் அனுப்பினார். முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. எல்லா வரிசையிலும் 'தேர்ச்சி' என்று இருந்தது. 500 கிலோ வாங்கினோம். இரண்டு மாதம் கழித்து, எங்கள் பொடியை வாங்கி விற்கும் கடைத்தொடர் ஒன்று தானே பரிசோதித்துவிட்டு, ஈயம் அதிகம் என்று சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பியது.

கையிருப்பில் மிஞ்சியிருந்த மஞ்சள் தூளைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஒரு கிலோவில் ஈயம் 46 மில்லிகிராம், குரோமியம் 12 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் கதை விளங்கிவிடும். மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றச் சேர்க்கப்படும் ஈய குரோமேட்டில் ஈயத்தின் எடை குரோமியத்தின் எடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எங்கள் தூளிலும் கிட்டத்தட்ட அதே விகிதம். மண்ணிலிருந்து வந்த ஈயம் இப்படி ஒழுங்கான விகிதத்தில் குரோமியத்தைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. எங்கள் சாம்பார் பொடியில் மஞ்சள் 6 சதவீதம். 46-இல் 6 சதவீதம் என்றால் 2.76. கடைத்தொடர் ஒப்பந்தத்தில் வைத்திருந்த வரம்பு 2.5.

அந்த அறிக்கையில் ஈயம் என்ற வரிசையே இல்லை. இருந்த வரிசைகளை மட்டும் பார்த்தோம், இல்லாததைத் தேடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே வரிசைப்படி எழுதுகிறேன். மஞ்சள் தூளையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். மிளகாய்க்கும் மல்லிக்கும் சோதனைகள் மாறும், முறை மாறாது.

1. கேட்கும் முன் உங்கள் தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

'சான்றிதழ் அனுப்புங்கள்' என்று மட்டும் கேட்டால், சப்ளையர் தன்னிடம் எது நன்றாக இருக்கிறதோ அதை அனுப்புவார். எது வேண்டும், எந்த வரம்புக்குள் வேண்டும் என்பதை நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தாளில் மஞ்சள் தூளுக்கு ஐந்தே வரிகள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மிகக் கூடாது. நிறத்தைத் தரும் குர்குமினாய்டு, ஈரம் நீக்கிய எடையில் 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈய குரோமேட் இல்லை என்ற முடிவு வேண்டும். 25 கிராமில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடாது. இந்த நான்கும் நம் நாட்டு உணவுத் தரச் சட்டத்தோடு ஒத்துப்போகின்றன.

ஐந்தாவது ஈயம். இந்தியச் சட்டம் மஞ்சளில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நாங்கள் எழுதியது 1.5. ஐரோப்பிய ஒன்றியம் வேர், கிழங்கு வகை மசாலாக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு அது. எங்கள் கைக்கு வந்த நல்ல சரக்கு எல்லாவற்றிலும் 1-க்குக் கீழேதான் இருந்திருக்கிறது. ஆகவே நேர்மையான வியாபாரிக்கு 1.5 கடினமான வரம்பு அல்ல. 7, 8 என்று வரும் சரக்கு சட்டப்படி தேறினாலும் அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

தூள் வேண்டாம், மஞ்சளை விரலி வடிவில் வாங்கி நாமே அரைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈய குரோமேட் பெரும்பாலும் சேர்வது விரலியை உருளையில் போட்டுப் பாலிஷ் செய்யும் கட்டத்தில்தான். அதனால் விரலி வாங்கினாலும் ஈயப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

2. தாள்களை எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் கேட்டால் 'அனுப்பிவிடுகிறேன்' என்ற பதில் வரும், தாள் வராது. மின்னஞ்சலில் கேளுங்கள். நாங்கள் அனுப்புவது இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். தங்கள் மஞ்சள் தூளை எங்கள் தயாரிப்புக்குப் பரிசீலிக்கிறோம். தற்போது விற்பனைக்கு வைத்திருக்கும் ஒரு தொகுதியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதே தொகுதிக்கான தங்கள் தரச் சான்றையும், வெளி ஆய்வகத்தின் முழு அறிக்கையையும், எல்லாப் பக்கங்களுடனும், அனுப்பக் கோருகிறோம். உணவு உரிமத்தின் நகலும் தேவை. அறிக்கையை ஆய்வகத்திடம் நாங்கள் சரிபார்க்கத் தங்களின் சம்மதக் கடிதத்தையும் இணைக்கவும். எங்கள் வரம்புத் தாள் இணைப்பில் உள்ளது."

இதில் வரும் தரச் சான்று வேறு, ஆய்வக அறிக்கை வேறு. தரச் சான்று என்பது சப்ளையரே தன் தாளில் அச்சிட்டுத் தருவது. தன் சரக்கைப் பற்றித் தானே கொடுக்கும் உறுதிமொழி அது. ஒவ்வொரு தொகுதிக்கும் வர வேண்டிய தாள் என்பதால் அதுவும் தேவை. ஆனால் ஒப்புதலுக்கு அது மட்டும் போதாது. ஆய்வக அறிக்கை என்பது சப்ளையரைச் சாராத ஆய்வகம் தன் பெயரில், தன் எண்ணோடு தருவது. புதியவர்கள் பலர் முதல் தாளைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதைப் பெற்றதாக நினைத்துவிடுகிறார்கள்.

உரிமத்தைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. உரிம எண் 14 இலக்கம் கொண்டது. foscos.fssai.gov.in தளத்தில் அதை இட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். விலைப்பட்டியலில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கின்றனவா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகைத் தொழிலுக்கு என்று பாருங்கள். வாங்கி விற்பதற்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் 'எங்கள் ஆலையில் அரைத்தது' என்று சொன்னால், உண்மையில் அரைத்தது யார் என்று கேட்டு, அவருடைய உரிமத்தையும் வாங்குங்கள்.

எல்லாத் தாள்களும் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்தும் சம்மதக் கடிதம் மட்டும் வரவில்லை என்றால் நாங்கள் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

3. அறிக்கையைக் கையில் பேனாவோடு படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அண்மையில் வேறொரு புதிய சப்ளையர் அனுப்பிய அறிக்கையை நாங்கள் படித்த விதத்தை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பொருளின் பெயர். அவர் எங்களுக்கு விற்க முன்வந்தது மஞ்சள் தூள். அறிக்கையில் 'மஞ்சள் விரலி' என்று இருந்தது. விரலியைச் சோதித்த அறிக்கை அரைத்த தூளுக்குச் செல்லாது. அரைக்கும்போது மாவோ நிறமோ சேர இடம் இருக்கிறது.

அடுத்து தொகுதி எண். அறிக்கையில் அந்த இடம் காலி. ஆனால் அவருடைய தரச் சான்றில் தொகுதி எண் இருந்தது, கூடவே 'ஆய்வக அறிக்கை இணைப்பு' என்ற குறிப்பும் இருந்தது. இரண்டு தாள்களையும் இணைப்பது அவர் சொல் மட்டும்தான். ஆய்வக அறிக்கையிலேயே தொகுதி எண் அச்சாகியிருந்தால்தான் நாங்கள் ஏற்கிறோம்.

மூன்றாவது, மாதிரியை எடுத்தவர் யார். 'வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி' என்று இருந்தது. பெரும்பாலான அறிக்கைகளில் அப்படித்தான் இருக்கும், அது தவறும் அல்ல. ஆனால் அதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும்: ஆய்வகம் அந்தப் பொட்டலத்துக்கு மட்டுமே சாட்சி, கிடங்கில் இருக்கும் 20 மூட்டைகளுக்கு அல்ல. ஐந்தாம் படியில் நம் மாதிரியை நாமே எடுப்பது இதற்காகத்தான்.

நான்காவது, தேதிகள். அறிக்கை 14 மாதம் பழையது. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். சோதனை தொடங்கிய நாளும் முடிந்த நாளும் தனித்தனியே இருக்கும். சால்மோனெல்லா சோதனையில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் மூன்று நாளுக்குக் குறைந்து முடியாது. பெரும்பாலும் ஐந்து நாள் ஆகும். காலையில் தொடங்கி மறுநாள் முடிந்ததாக ஓர் அறிக்கை சொன்னால், விரைவு முறை எதையும் குறிப்பிடாதவரை, அந்த வரியை நம்பாதீர்கள்.

ஐந்தாவது, முடிவுகள். ஈயத்துக்கு எதிரே 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. மனத்துக்கு நிம்மதி தரும் சொல்தான். ஆனால் எவ்வளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை? ஒவ்வொரு முறைக்கும் தான் நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு ஒன்று உண்டு. அது கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், 4 மில்லிகிராம் ஈயம் உள்ள தூளுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். எங்கள் வரம்பு 1.5 என்பதால் அந்தப் பதிலால் எங்களுக்குப் பயனில்லை. அளவீட்டு எல்லையும் சோதனை முறையின் பெயரும் அதே வரிசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இதோடு எங்களுக்குக் கைகொடுத்த ஒரு வழக்கம்: புதிய சப்ளையரிடம் ஒன்றல்ல, வெவ்வேறு மாதங்களின் மூன்று தொகுதி அறிக்கைகளைக் கேட்போம். ஒரு முறை வந்த மூன்றிலும் ஈரப்பதம் 8.42, குர்குமினாய்டு 3.16. தொகுதி எண்ணும் தேதியும் மட்டும் மாறியிருந்தன. இயற்கையாக விளையும் பொருளில் இரண்டு அறுவடைகள் இரண்டாவது தசம இடம் வரை ஒத்துப்போவதில்லை.

4. அறிக்கையைக் கொடுத்த ஆய்வகத்திடமே கேளுங்கள்

சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு என்ஏபிஎல். அதன் முத்திரை அறிக்கையின் மேலே இருக்கும். முத்திரை இருந்தாலே எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் என்று பொருள் இல்லை. அங்கீகாரம் பொருள்வாரியாக, சோதனைவாரியாகத் தரப்படுவது. ஓர் ஆய்வகத்துக்கு மசாலாப் பொருளில் ஈரப்பதம் பார்க்க அங்கீகாரம் இருக்கும், ஈயம் பார்க்க இருக்காது. nabl-india.org தளத்தில் ஆய்வகத்தின் பெயரைத் தேடினால் அங்கீகாரப் பட்டியல் கிடைக்கும். அதில் மசாலாப் பொருள்களின் கீழ் நீங்கள் கேட்ட சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிக்கையில் யுஎல்ஆர் என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். அதில் ஆய்வகத்தின் சான்றிதழ் எண்ணும் ஆண்டும் அடங்கியிருக்கும். எண்ணின் கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். எஃப் என்றால் அறிக்கையில் உள்ள சோதனைகள் எல்லாம் அங்கீகாரத்துக்குள் வருபவை. பி என்றால் சில மட்டுமே. பி என்று இருந்தால், அங்கீகாரத்துக்கு வெளியே இருப்பவை எவை என்று ஆய்வகம் அறிக்கையிலேயே குறியிட்டிருக்கும். ஈயம் அதில் ஒன்றா என்று தேடுங்கள்.

பிறகு ஆய்வகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இந்த எண், இந்தத் தேதி, இந்த முடிவுகள் கொண்ட அறிக்கையை நீங்கள் கொடுத்தீர்களா? முகவரியை அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள், ஆய்வகத்தின் இணையதளத்திலிருந்து எடுங்கள். அறிக்கையைத் திருத்தியவர் முகவரியையும் திருத்தியிருக்கலாம். இரண்டாம் படியில் வாங்கிய சம்மதக் கடிதத்தை இங்கே இணையுங்கள். வாடிக்கையாளரின் முடிவுகளைப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்பது ஆய்வகங்களுக்கான விதி. கடிதம் இல்லாமல் கேட்டபோது எங்களுக்குப் பதிலே வரவில்லை. கடிதத்தோடு கேட்டபோது இரண்டு நாளில் வந்துவிட்டது. செலவு எதுவும் இல்லை.

5. உங்கள் மாதிரியை நீங்களே எடுத்துச் சோதியுங்கள்

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். சப்ளையர் கூரியரில் அனுப்பும் கால் கிலோ பொட்டலத்தைச் சோதித்துவிட்டு, அதை நம்பி 500 கிலோவுக்கு ஆர்டர் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பரவலான ஏமாற்றம். மாதிரி நன்றாகத்தான் இருக்கும்.

அவர் கிடங்குக்கு நீங்களே செல்லுங்கள். அது முடியாவிட்டால், சோதனை முடியும் வரை பயன்படுத்த மாட்டோம், தேறாவிட்டால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதி ஒப்புக்கொண்டு சரக்கை இறக்குங்கள். 500 கிலோ என்றால் 25 கிலோ மூட்டை 20. நாங்கள் பின்பற்றும் கணக்கு எளிது: மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம், அதோடு ஒன்று. 20-க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 4.5, ஒன்றைக் கூட்டி மேலே முழுமையாக்கினால் ஆறு மூட்டை. எந்த ஆறு என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அடுக்கின் அடியில் இருப்பதும் பின்வரிசையில் இருப்பதும் அவற்றில் இருக்கட்டும். மூட்டையின் வாயிலிருந்து அள்ளாமல், குத்தூசியை உள்ளே செலுத்தி நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள்.

ஆறிலும் எடுத்ததைச் சுத்தமான தட்டில் கொட்டி நன்றாகக் கலந்து மூன்று பங்காக்குங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சப்ளையருக்கு, ஒன்று உங்களிடம். மூன்றிலும் தொகுதி எண், தேதி, இருவர் கையெழுத்து இட்டு ஒட்டிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்களுக்குத் துணை நிற்பது இந்த மூன்றாவது பொட்டலம்தான். சால்மோனெல்லாவுக்கு மட்டும் தனி மாதிரி வேண்டும். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பையில், கைபடாமல், தட்டில் கொட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஈயமும் குரோமியமும் சேர்த்து 1,800 ரூபாய், குர்குமினாய்டு 1,500, ஈரப்பதமும் எரித்தபின் மிஞ்சும் சாம்பலும் 600, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கு 2,500, சால்மோனெல்லா 900. மொத்தம் 7,300. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 8,614 ரூபாய். கிலோ 210 ரூபாய் வீதம் 500 கிலோ மஞ்சள் தூளின் விலை 1,05,000. சரக்கின் விலையில் எட்டு சதவீதம் சோதனைக்குப் போகிறதே என்று முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. திரும்பி வந்த சாம்பார் பொடியின் இழப்பு, அந்த மஞ்சளின் விலையைப் போலப் பல மடங்கு. பணம் அவ்வளவு இல்லை என்றால் எதை விட்டாலும் ஈயத்தையும் குரோமியத்தையும் விடாதீர்கள்.

அறிக்கை வர ஏழு, எட்டு வேலை நாள் ஆகும். கடிதம் எழுதியதிலிருந்து இதுவரை ஏறத்தாழ மூன்று வாரம். ஆகவே கையிருப்பு தீரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஐந்து வாரத்துக்கு முன்பே புதிய சப்ளையரைத் தேடத் தொடங்குங்கள். எங்களை அந்தக் கோடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வைத்தது அவசரம்தான். கையில் நான்கு நாள் சரக்கு மட்டுமே இருந்தது.

உங்கள் முடிவும் சப்ளையர் அறிக்கையும் தசமம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஈரப்பதம் அவருக்கு 8.6, உங்களுக்கு 9.3 என்றால் அது இயல்பு. பயணத்திலும் தூள் ஈரத்தை இழுக்கும். அவருக்கு ஈயம் 0.4, உங்களுக்கு 6 என்றால் அது இயல்பு அல்ல. அப்போது உங்களிடம் இருக்கும் மூன்றாவது பொட்டலத்திலிருந்து ஒரு பகுதியை, இருவரும் ஒப்புக்கொண்ட மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில், முடிவு யாருக்கு எதிராக வருகிறதோ அவருடையது.

6. ஒப்புதலை மூன்று தொகுதிகளுக்கு நிபந்தனையோடு கொடுங்கள்

முதல் தொகுதி தேறியதும் 'அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர்' என்று எழுதிவிட வேண்டாம். முதல் சரக்கு எப்போதும் கவனமாகத்தான் வரும். அடுத்த இரண்டு தொகுதிகளுக்கும் ஈயம், குரோமியம், ஈரப்பதம், சாம்பல் ஆகியவற்றை மட்டும் சோதிக்கிறோம். ஜிஎஸ்டியோடு 2,832 ரூபாய். மூன்றும் தேறிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை. ஒவ்வொரு தொகுதிக்கும் அவருடைய தரச் சான்று லாரியோடு வர வேண்டும். தாள் வராவிட்டால் மூட்டையை இறக்குவதில்லை.

ஒப்புதல் கடிதத்தில் மறக்காமல் எழுத வேண்டியவை இரண்டு. அரைக்கும் ஆலையையோ விரலி வாங்கும் இடத்தையோ மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் ஒப்புதல் முதலிலிருந்து தொடங்கும். மற்றொன்று உணவு உரிம விதிகளில் உள்ள படிவம் 'இ'. விற்கும் சரக்கு, சொல்லப்பட்ட தன்மையும் தரமும் கொண்டது என்று விற்பவர் தரும் உத்தரவாதம் அது. பலர் அதை விலைப்பட்டியலிலேயே அச்சிடுகிறார்கள். இல்லையென்றால் தனித்தாளில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி உங்கள் கூடத்தில் மாதிரி எடுத்து, குறை மஞ்சளில் என்று தெரியவந்தால், அதை யாரிடம் எந்த உத்தரவாதத்தோடு வாங்கினீர்கள் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.

உங்களிடம் உள்ள மூன்றாவது பொட்டலத்தை வெயில் படாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். அந்த மஞ்சளில் செய்த பொடியின் காலாவதி நாள் கடந்து மூன்று மாதம் வரை நாங்கள் வைத்திருக்கிறோம். பொட்டலத்தின் மேல் மஞ்சளின் தொகுதி எண்ணோடு, அது எந்தெந்தப் பொடித் தொகுதிகளில் போனது என்பதையும் அன்றன்றே எழுதிவிடுங்கள்.